எல்லப்பன் வாங்கிய டீசி

மானாம்பதி காலனி எல்லப்பனுக்குப் பாம்பென்றால் பயம் கிடையாது. ஏரிக்கரை வளையில் கையை விட்டு நண்டு பிடிக்கிற ஆள். காகிதம் என்றால்தான் குலை நடுங்கும். போஸ்ட்மேன் சைக்கிள் மணியடித்தால் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொள்வான். கடிதம் யாருக்கு என்று தெரிந்த பிறகுதான் வெளியே வருவான். அவன் மனைவி சொக்கம்மாள், "போலீஸ்காரன் வந்தாகூட இந்த மன்சன் இப்பிடிப் பதுங்க மாட்டாரு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பயத்துக்கு ஒரு வேர் உண்டு. எல்லப்பன் பிறந்தது திருப்புலிவனத்தில். அவன் அப்பன் ஒரு பண்ணையில் ஆள்காரன். பண்ணைக்காரர் நிலத்தை விற்றபோது ஆளையும் மாட்டையும் சேர்த்தே மானாம்பதிப் பக்கம் அனுப்பிவிட்டார். எல்லப்பன் அப்போது ஐந்தாவது. கணக்கில் கெட்டிக்காரன். புது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், "டீசி எங்கடா?" என்றார். அவன் தனியாகவே பழைய பள்ளிக்கு நடந்து போனான். "உங்கப்பன் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் டீசி" என்று சொல்லிவிட்டார்கள். அப்பனுக்கு அது அறுப்புக் காலம். களத்தை விட்டு நகர்ந்தால் தோலை உரித்துவிடுவார்கள். அறுப்பு முடிகிறவரை எல்லப்பன் தினமும் புதுப் பள்ளியின் கேட்டருகில் போய் நின்று, உள்ளே வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் எருமை மேய்க்கப் போனான். அவ்வளவுதான் அவன் படிப்பு.

அதனால் அவன் அறிந்த வேதம் ஒன்றே ஒன்று: டீசியைக் கையில் வாங்காமல் எந்தப் பள்ளிக்கூடத்தையும் விட்டு நகரக்கூடாது. மகள் தேவகி காலனிப் பள்ளியிலிருந்து நடுநிலைப் பள்ளிக்கு மாறியபோதும், அங்கிருந்து உத்திரமேரூர் மேல்நிலைப் பள்ளிக்குப் போனபோதும், கூலியை விட்டுவிட்டு முதல் ஆளாகப் போய் நின்று டீசி வாங்கியவன் அவன்தான். வாங்கியதும் இடுப்பு வேட்டியில் செருகமாட்டான், வியர்வை பட்டுவிடும் என்று. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவான். ஊரார், "இன்னா எல்லப்பா, சாமி கெளம்பிருச்சா?" என்று கேலி பேசுவார்கள்.

அந்தத் தேவகிதான் கால்நடை மருத்துவம் படிக்கப் போனாள். மாட்டு டாக்டர் படிப்பு. பல்கலைக்கழகம் ஒன்றுதான், கல்லூரி இரண்டு. ஒன்று பட்டணத்தில், பழையது. இன்னொன்று மேற்கே மலைச்சரிவை ஒட்டிப் புதிதாகத் திறந்தது. தேவகிக்குக் கிடைத்தது புதியது. கல்லூரிக் கட்டணத்தை அரசாங்க உதவித்தொகை பார்த்துக்கொண்டது. ஆனால் புதுக் கல்லூரியில் பெண்களுக்கு விடுதி கட்டி முடியவில்லை. மூன்று பெண்கள் சேர்ந்து ஊருக்குள் ஒரு வீட்டில் இருந்தார்கள். முதல் பருவம் முடிகிற சமயத்தில், வீட்டுக்காரர் தேவகியிடம் மட்டும் சொந்த ஊரில் எந்தத் தெரு என்று விசாரித்தார். மறுவாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போவதாகச் சொன்னார். மற்ற இரண்டு பேருக்கும் வெள்ளையடிக்காத அறை கிடைத்தது. தேவகிக்குக் கிடைக்கவில்லை.

அவள் கல்லூரி முதல்வரிடம் போய் அழுதாள். அவர் நல்ல மனிதர். பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். பட்டணத்துக் கல்லூரியில் பெண்கள் விடுதி உண்டு. அங்கே ஓர் இடமும் காலி. இரண்டாம் பருவத்திலிருந்து அங்கே மாறிக்கொள்ளலாம் என்று பதிவாளர் ஆணை போட்டு, தேவகிக்கு ஒரு நகல் அனுப்பினார். சேர வேண்டிய கடைசித் தேதியும் அதில் இருந்தது. தேவகி வீட்டுக்கு எழுதிய கடிதத்தைத் தானே பிரிக்கப் பயந்த எல்லப்பனுக்கு, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடைக்காரர் படித்துக் காட்டினார். முழுவதும் கேட்டுவிட்டு எல்லப்பன் கேட்டது ஒரே கேள்விதான்.

"அதுல டீசி பத்தி எய்தலியா?"

"இல்லியே."

"கொயந்தப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டு, எல்லப்பன் அன்றைக்கே மேற்கே பஸ் ஏறினான்.

கல்லூரி அலுவலகத்தில் சுப்பிரமணி என்கிற எழுத்தர் இருந்தார். இளவயது; வேலைக்கு வந்து நாளாகவில்லை. தேவகியிடம் இருந்த ஆணை நகலைப் படித்துப் பார்த்தார்.

"ஆர்டர் காப்பி எங்களுக்கு இன்னும் தபால்ல வரலீங்க பெரியவரே. ரெண்டு நாள் பொறுங்க. வந்ததும் விடுவிச்சு அனுப்பீர்றோம்."

"விடுவிக்கறதெல்லாம் இருக்கட்டும் சாமி. டீசி குடுத்துடு."

"ஆர்டர் வரட்டுமுங்க."

"வராம போச்சுன்னா? தேதி தாண்டிப் போச்சுன்னா? நான் போனப்பறம் நீ இல்லேன்னா?" எல்லப்பனின் குரல் உயர்ந்தது. ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். "எங்க அப்பன் கையெய்த்துப் போட வரலேன்னுதானே வுட்டுட்டாங்க. நான் வந்துகீறேன். கையெய்த்துப் போடறேன். டீசி குடு சாமி."

தேவகி பக்கத்தில்தான் நின்றாள். "இரு நைனா, ரெண்டு நாள்தானே" என்று மெல்லச் சொன்னாள். ஆனால் அவளுக்கும் அந்த ஊரில் இரண்டு நாள் தங்க இடமில்லை. அதை வெளியே சொல்ல வெட்கமாகவும் இருந்தது. கடைசியில் சுப்பிரமணி ஒரு விண்ணப்பத் தாளை நீட்டினார். கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். கூட்டம் கூடுவதற்குள் ஆளை அனுப்பினால் போதும் என்றும் நினைத்திருக்கலாம். தேவகி கையெழுத்துப் போட்டாள். எல்லப்பன் பெருவிரல் மை கேட்காமல் தன் பெயரையே எழுதினான், பெருமையோடு. நூலகம், ஆய்வுக்கூடம், எங்கும் பாக்கி இல்லை என்று சீட்டு வாங்கிவந்தார்கள். அன்றிரவு பஸ் ஸ்டாண்டிலேயே கிடந்தார்கள்; மறுநாள் மாலை டீசி கைக்கு வந்தது. அதோடு தேவகியின் மூலச் சான்றிதழ்கள் எல்லாமும், சேரும்போது கட்டிய காப்புத்தொகையும் வந்தன.

"பாத்தியா? கேட்டாத்தான் கெடைக்கும்" என்றான் எல்லப்பன். காப்புத்தொகையைத் தொடப் பயந்து ஒரு துணியில் இறுக முடிந்துகொண்டான். மூன்று பஸ் மாறிப் பட்டணம் வருகிறவரை டீசியை மடியில் விரித்தே வைத்திருந்தான்.

பட்டணத்துக் கல்லூரியின் கண்காணிப்பாளர் பெயர் ராஜாராம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் படிப்பார். தேவகியின் ஆணை நகலைப் பார்த்ததும், "வாம்மா, உனக்காகத்தான் ஹாஸ்டல்ல எடம் வெச்சிருக்கு" என்றார். எல்லப்பன் முகம் மலர, இரண்டு கையாலும் டீசியை நீட்டினான். ராஜாராம் அதைப் படித்தார். கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இதை யாரும்மா கேட்டு வாங்கினது?"

"நான்தான் சாமி" என்றான் எல்லப்பன்.

"ஏன்யா வாங்கின?"

எல்லப்பனுக்குக் கேள்வியே புரியவில்லை. டீசி ஏன் வாங்கினாய் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள்?

"உக்காரும்மா" என்று ராஜாராம் தேவகியிடம் சொன்னார். அந்த மரியாதைதான் எல்லப்பனைப் பயமுறுத்தியது. செத்த வீட்டில்தான் அப்படி உட்காரச் சொல்வார்கள். "அதுவும் எங்க யுனிவர்சிட்டிதான், இதுவும் எங்க யுனிவர்சிட்டிதான். அங்கேருந்து இங்கே வர்றதுக்கு டீசி கெடையாது. அங்கே விடுவிப்பு ஆணை ஒண்ணு கொடுப்பாங்க. உன் மார்க், சர்டிபிகேட், எது வரைக்கும் பீஸ் கட்டியாச்சுங்கற சான்று, எல்லாம் ஆபீஸ்லேருந்து ஆபீசுக்கு வரும். காப்புத்தொகை கணக்குலேயே மாறிடும். கட்டின பீசை மறுபடி கேக்க மாட்டோம். ஹாஸ்டலுக்கு மட்டும்தான் அங்கே தனி, இங்கே தனி. உன் நம்பர்கூட மாறாது." அவர் டீசியைத் தட்டினார். "ஆனா டீசி வாங்கினா, யுனிவர்சிட்டியையே விட்டுப் போயிட்டேன்னு அர்த்தம். இங்கே பாரு, விலகியதற்குக் காரணம்னு போட்டு, 'சொந்த விருப்பம்'னு எழுதியிருக்கு. அங்கே பேரை அடிச்சிருப்பாங்க. நீ இப்போ எந்தக் காலேஜ்லயும் இல்லைம்மா. எங்கேயும் இல்லாத பொண்ணை நான் எப்படிச் சேர்க்கிறது?"

தேவகி அழவில்லை.

"திரும்பச் சேரணும்னா?" என்று கேட்டாள்.

"அடுத்த வருஷம் புதுசா மனு போடணும். எடம் கெடைக்கும்னு யார் சொல்ல முடியும்? நீ படிச்ச பருவமும் கணக்குல வராது. உதவித்தொகை வேற இருக்கு. நடு வருஷத்துல படிப்பை விட்டா, கொடுத்ததைத் திருப்பிக் கட்டச் சொல்ல அவங்களுக்கு அதிகாரம் உண்டு."

எல்லப்பன் நின்ற இடத்திலேயே குந்திவிட்டான். அந்தக் கணத்தில் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மகளைக் கல்லூரியிலிருந்து துரத்தியது வீட்டுக்காரர் இல்லை, சாதி இல்லை, சர்க்கார் இல்லை, இந்தக் கை. தன் அப்பன் கையெழுத்துப் போடாமல் பிள்ளை படிப்பைக் கெடுத்தான். தான் கையெழுத்துப் போட்டுக் கெடுத்துவிட்டான். "சாமி, இத்தக் கிழிச்சிப் போட்டுடலாமா?" என்று கேட்டான்.

"ஐயோ, கிழிச்சுத் தொலைக்காதேய்யா!" ராஜாராம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அது ஒண்ணுதான் இப்போ உனக்கு வழி. கொடுத்தவங்கதான் ரத்து பண்ண முடியும். ஒரிஜினல் கையில இருந்தாத்தான் ரத்து. காப்புத்தொகை இருக்கா? செலவு பண்ணலையே? அதையும் திருப்பிக் கட்டுங்க. மாசக் கடைசியில எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு அங்கேருந்து யுனிவர்சிட்டிக்குக் கணக்கு அனுப்புவாங்க. அதுல உன் பேர் இல்லாம போயிட்டா அப்புறம் கஷ்டம். இன்னிக்கே கெளம்புங்க."

அந்தப் பஸ் பயணத்தை எல்லப்பன் பிற்காலத்தில் யாரிடமும் சொன்னதில்லை. தேவகி ஜன்னலோரம் கண்ணை மூடி இருந்தாள். தூங்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை திட்டினால் தேவலை போலிருந்தது. வழியில் நாஷ்டா சாப்பிட வண்டி நின்றபோது, "நீ துண்ணு நைனா" என்று மட்டும் சொன்னாள். அவனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஊரில் சொக்கம்மாள், மகள் பட்டணத்தில் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தபோது, வண்டி எங்கேயாவது போய் மோதினால்கூட நல்லது என்று தோன்றியது. மகளும் அதே வண்டியில் இருக்கிறாள் என்று உடனே உறைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

சுப்பிரமணி அவர்களைப் பார்த்ததும், "நீங்க கெளம்பின மறுநாளே ஆர்டர் காப்பி வந்துருச்சுங்களே!" என்றார். எல்லப்பனுக்கு அது வெந்த புண்ணில் வேல். விஷயத்தைக் கேட்டதும் சுப்பிரமணியின் முகமும் பேயறைந்தது மாதிரி ஆகிவிட்டது. சேர்க்கைப் பதிவேட்டில் தேவகியின் பெயருக்கு நேரே 'நீக்கம்' என்று எழுதியதே அவர் கைதான். அப்புறம் மூன்று பேராக முதல்வர் அறைக்குப் போனார்கள்.

முதல்வர் தேவகியை மட்டும் பார்த்துக் கேட்டார். "உனக்குப் படிப்பை விடணும்னு எண்ணம் இருந்ததாம்மா?"

"இல்லை சார்."

"அப்போ ஏன் கையெழுத்துப் போட்டே?"

தேவகி திரும்பி எல்லப்பனைப் பார்க்கவில்லை. "ஊர் மாறினா டீசி வாங்கணும்னுதான் சார் எங்களுக்குத் தெரியும்."

எங்களுக்கு என்றாள். எல்லப்பன் தரையைப் பார்த்துக்கொண்டான்.

முதல்வரால் தனியாக ரத்து செய்ய முடியாது. பதிவாளரின் சம்மதம் வேண்டும். மாதக் கணக்கை அனுப்பாமல் நிறுத்திவைக்கச் சொன்னார். பதிவாளருக்குத் தந்தி போயிற்று. பதில் வருகிறவரை தேவகியை ஒரு பேராசிரியை தன் வீட்டில் தங்கவைத்தார். எல்லப்பன் அலுவலக வராந்தாவை விட்டு நகரவில்லை. தபால்காரர் சைக்கிள் உள்ளே வரும்போதெல்லாம் எழுந்து நிற்பான். மணி கேட்டால் ஓடி ஒளிகிற மனிதன், இப்போது மணி எப்போது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். மறுபடி பயம்தான், வேறு திசையில்.

தந்தி வந்தது. டீசியை ரத்து செய்யலாம், மாணவி இடைவிடாமல் தொடர்வதாகக் கொள்ளவும் என்று இருந்தது. சுப்பிரமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துணி முடிச்சை அவிழ்த்து எல்லப்பன் காப்புத்தொகையைக் கட்டினான். மூலச் சான்றிதழ்களைத் தேவகி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"இனி டீசியைக் கொடுங்க பெரியவரே" என்றார் சுப்பிரமணி.

எல்லப்பன் நீட்டினான். சுப்பிரமணி மறுமுனையைப் பிடித்தார். எல்லப்பனின் விரல் விடவில்லை.

"வுடு நைனா" என்றாள் தேவகி.

"குடுத்துட்டா நம்ம கையில இன்னாடி கீது? சர்ட்டிபிகேட்டும் இல்ல, டீசியும் இல்ல. அங்கப் போய் இன்னாத்தக் காட்டுவ? கேட்டுல நிக்க வெச்சிட்டாங்கன்னா?" அவன் கண்ணில் நீர் முட்டிற்று. "சாமி, அந்தக் காயிதமெல்லாம் எங்கிட்டயே குடுத்துடு. நான் பத்திரமா எடுத்துக்கினு போறேன்."

"கையில தர மாட்டோமுங்க. சீல் வெச்ச கவர்ல, ரிஜிஸ்டர் தபால்ல போகும். அதுதாங்க முறை."

"தபால்ல தொலஞ்சிட்டா?"

தேவகிதான் அப்பன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சின்ன வயதில் அவள் விரலைப் பிடித்து அவன் 'அ' எழுதப் பழக்கியிருக்கிறான். அந்த விரல்கள் இப்போது அவனுடையதைவிட உறுதியாயிருந்தன. சுப்பிரமணி டீசியின் குறுக்கே சிவப்பு மையால் இரண்டு கோடு இழுத்து, 'ரத்து' என்று எழுதி, டீசிப் புத்தகத்தில் அதன் அடிக்கட்டையோடு சேர்த்து ஒட்டினார். கோடு விழுந்தபோது எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டான். பதிவேட்டில் 'நீக்கம்' என்பதையும் அடித்து, தந்தியின் தேதி குறித்து, முதல்வரிடம் கையெழுத்து வாங்கினார்கள். தேவகியின் கைக்கு வந்தது விடுவிப்பு ஆணை மட்டும். ஒற்றைத் தாள். டீசி மாதிரி கெட்டித் தாள்கூட இல்லை.

சேர வேண்டிய கடைசித் தேதியன்று காலையில் பட்டணத்துக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ராஜாராம் அந்த ஒற்றைத் தாளைப் படித்தார். எல்லப்பனுக்கு அவர் கண்ணாடி மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்பதில்தான் கவனம். அது நெற்றியிலேயே இருந்தது.

"சரி. ரெக்கார்டு எல்லாம் பின்னால தபால்ல வரும். உதவித்தொகையை இந்தக் காலேஜுக்கு மாத்தச் சொல்லி நாங்க எழுதிக்கிறோம். ஹாஸ்டல் ரூல்ஸை மட்டும் படிச்சுக் கையெழுத்துப் போடும்மா." பழைய எண்ணையே வருகைப் பதிவில் எழுதிக்கொண்டார். "பத்து மணி அனாட்டமி. ஓடு."

அவ்வளவுதானா? எல்லப்பன் கையை நீட்டிக்கொண்டே நின்றான். ஒரு ரசீது, ஒரு சீட்டு, ஒரு முத்திரை, ஏதாவது. ராஜாராம் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் என்னய்யா?"

"ஒண்ணும் இல்ல சாமி."

தேவகி வராந்தா முனையில் திரும்பிப் பார்த்து, "வூட்டுக்குப் போ நைனா. அம்மா கெடந்து தவிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எல்லப்பன் வீட்டுக்குப் போகவில்லை. கல்லூரி வாசலில், காவலாளி விரட்டாத தூரத்தில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றான். தபால் தொலைந்துவிடலாம். யாரோ ஒருவர் பதிவேட்டைப் புரட்டி, இந்தப் பெண் ஏது என்று கேட்கலாம். கேட்டால் மகளை வெளியே அனுப்புவார்கள். அனுப்பினால் அவள் தனியாக நிற்கக்கூடாது. அதற்காகத்தான் நின்றான். கல்லூரி மணி அடித்தபோதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தான். மத்தியானம் ஒரு கூட்டம் சாப்பிடப் போயிற்று, திரும்பிற்று. ஒரு கிழட்டுக் குதிரையை ஓட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். வெயில் சாய்ந்தது. தேவகி வரவில்லை.

மாலையில் பெண்கள் நாலைந்து பேராக வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். நடுவில் தேவகி. யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டு வந்தாள். மரத்தடியில் அப்பனைப் பார்த்ததும் சிரிப்பு நின்று, பயந்து ஓடிவந்தாள்.

"இன்னா நைனா? ஊருக்குப் போவலியா? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. உன்னத் தொரத்திட்டாங்களோன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"காலேலேருந்தா?"

எல்லப்பன் தலையாட்டினான். தேவகி, கேட்டுக்கு வெளியே நின்ற அப்பனின் கையைப் பிடித்து, காவலாளி பார்க்கப் பார்க்க உள்ளே இழுத்துக்கொண்டு போய், குழாயடியில் நிறுத்தினாள்.

"மொதல்ல தண்ணி குடி" என்றாள்.